போகும் முகடும் திரும்பும் முகடும்

நீலச் சாயத் தொட்டிக்குள் நீலம் இருக்காது. இண்டிகோ போட்டுத் தயாராகிவிட்ட தொட்டியில் கரைசல் மஞ்சளும் பச்சையுமாகத்தான் தெரியும். அதில் முக்கி எடுத்த நூல் சிட்டமும் அதே நிறத்தில்தான் வெளியே வரும். காற்றுப் படப்படப் பச்சை ஏறி, பச்சை நீலமாகி, சில நிமிடங்களில் நாம் கடையில் பார்க்கும் நிறம் வந்துவிடும். காங்கேயம், சென்னிமலை, திருப்பூர் என்று சாயமும் தறியும் கலந்த இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள், இண்டிகோ இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது வாட் சாயத்தில் இந்த வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். நீலம் எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது?

நீலம் எங்கும் போகவில்லை. இண்டிகோ தண்ணீரில் கரையாத தூள். அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்தால், காரத் தண்ணீரில் கரையும் மஞ்சள் வடிவத்துக்கு மாறும். கரைந்தால்தான் நூலுக்குள் இறங்கும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, நூலுக்குள்ளேயே மறுபடி நீலத் தூளாகி மாட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் பெறுவதை ஒடுக்கம் என்றும், இழப்பதை ஆக்சிஜனேற்றம் என்றும் பள்ளியில் படித்திருப்போம். ஒன்று மற்றொன்றாக மாறக்கூடிய இரு வடிவங்களையும் சேர்த்து ‘ஏற்ற-ஒடுக்க இணை’ என்று அழைக்கலாம்.

சாயப்பட்டறையில் அந்த எலக்ட்ரான்களைக் கொடுப்பது ஹைட்ரோஸ். சோடியம் டைதயோனைட் என்பது அதன் முழுப் பெயர். காஸ்டிக் சோடாவோடு சேர்த்துத் தொட்டியில் போடுவார்கள். இங்கே ஒரு கேள்வி எழும். எலக்ட்ரான்தான் வேண்டுமென்றால், சுவரில் இருக்கும் மின்சாரம் எலக்ட்ரான்தானே? மூட்டை மூட்டையாக ஏன் பொடி வாங்க வேண்டும்?

பொடி விட்டுப்போகும் உப்பு

ஹைட்ரோஸ் ஒருமுறைதான் உதவும். எலக்ட்ரானைக் கொடுத்தபின் சல்பைட்டாகவும் சல்பேட்டாகவும் மாறிச் சாக்கடைக்குப் போகிறது. சாயத்தைத் தொடும் முன்பே காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், தேவைக்கு மேல்தான் போட வேண்டியிருக்கிறது. நொய்யல் கரையில் இருப்பவர்களுக்குக் கழிவுநீர் உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீர் சுற்றுவட்டக் கிணறுகளைக் கெடுத்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நினைவிருக்கும். நியாயமாகச் சொன்னால், அந்த உப்பில் பெரும்பங்கு ஹைட்ரோஸிலிருந்து வந்ததல்ல. பனியன் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தோடு கொட்டப்படும் சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும்தான் அது. வாட் சாயத்தின் பங்கு சிறியது. ஆனால் அதற்கு மின்சாரம் என்ற மாற்று வழி காகிதத்திலாவது இருக்கிறது.

இண்டிகோ கரையாத தூள் என்பதுதான் அந்த வழியில் முதல் தடை. மின்முனையின்மேல் தூள் வந்து மோதும் இடத்தில் மட்டும் எலக்ட்ரான் மாறும். அது போதாது. ஆகவே கரைசலில் கரையும் வேறொரு பொருள், மின்முனையில் எலக்ட்ரானை வாங்கிப் போய்த் தூளிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வர வேண்டும். அதை இடைப்பொருள் என்போம். ஆஸ்திரியாவில் தாமஸ் பெக்டோல்டும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதற்கு இரும்பைப் பயன்படுத்தினார்கள். வெறும் இரும்பு உப்பு காரத்தில் பழுப்பு மண்டியாகிவிடும். ட்ரைஎத்தனாலமீன் என்ற கரிமப் பொருள் இரும்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் கரைந்தே இருக்கும். நம் ஊரில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தினர், அதாவது ‘சிக்ரி’ என்று எல்லோரும் அழைக்கும் இடத்தில் இருப்பவர்கள், டெல்லி ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து இதே முறையில் வாட் சாயங்களை ஒடுக்கிப் பார்த்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஒரு பொருள் இடைப்பொருளாக உழைக்குமா என்பதைத் தொட்டி கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் கலத்தில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்குச் சுழல் வோல்ட்டாமெட்ரி என்று பெயர். ஆய்வகத்தில் சுருக்கமாக சி.வி. என்பார்கள்.

வளையம் எப்படி வருகிறது

கலத்தில் மூன்று மின்முனைகள் இருக்கும். வேலை நடப்பது ஒன்றில்தான். பெரும்பாலும் அது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டு. இரண்டாவது பிளாட்டினக் கம்பி, மின்னோட்டம் சுற்றி வருவதற்காக. மூன்றாவது வெள்ளி-வெள்ளி குளோரைடு முனை. அதன் வழியாக மின்னோட்டம் அனேகமாகப் போவதே இல்லை. ஆகவே அதன் மின்னழுத்தம் அசையாது, வேலை முனையை அதோடு ஒப்பிட்டு அளக்கலாம்.

கருவி வேலை முனையின் மின்னழுத்தத்தைச் சீராக ஒரு திசையில் நகர்த்தும். குறிப்பிட்ட இடம் வந்ததும் திருப்பி, அதே வேகத்தில் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவரும். ஒரு விநாடிக்கு எத்தனை மில்லிவோல்ட் நகர்கிறது என்பதே வருடல் வேகம். நகர்ந்த நேரமெல்லாம் எவ்வளவு மின்னோட்டம் ஓடியது என்று எழுதிக்கொண்டே வந்தால், காகிதத்தில் ஒரு வளையம் விழும்.

இரும்பு-ட்ரைஎத்தனாலமீனை நம்புவதற்கு முன் கருவியை நம்ப வேண்டும். அதற்கு எல்லா ஆய்வகமும் முதலில் எடுப்பது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. அதுவும் இரும்புதான். ஒரு எலக்ட்ரான் வாங்கினால் ஃபெர்ரோசயனைடு, கொடுத்தால் மறுபடி ஃபெர்ரிசயனைடு. லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்ற அளவில் மெலிதாகக் கரைத்து, அதைப்போல் ஆயிரம் மடங்கு பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். கரைசலுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் வேலையைக் குளோரைடு உப்பு பார்த்துக்கொள்ளும். ஃபெர்ரிசயனைடு தானாக மெல்ல விரவி வட்டுக்கு வந்தால் போதும். கரைசலைக் கலக்கக் கூடாது, மேசையைக்கூட ஆட்டக் கூடாது.

0.6 வோல்ட்டில் தொடங்கி மைனஸ் 0.1 வோல்ட் வரை இறங்கி, திரும்ப ஏறுவோம். விநாடிக்கு 100 மில்லிவோல்ட் என்றால் போக 7 விநாடி, வர 7 விநாடி. முதலில் ஒன்றும் நடக்காது. 0.3 வோல்ட்டை நெருங்கும்போது மின்னோட்டம் எழும், 0.22 அருகே உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். திரும்பும்போது எதிர்த் திசையில் அதேபோல் ஒன்று, 0.28 அருகே.

ஏன் இறங்குகிறது

மின்னழுத்தம் மேலும் மேலும் எலக்ட்ரானைத் தள்ளிக்கொண்டே போகிறது. அப்படியிருக்க மின்னோட்டம் ஏன் ஏறிக்கொண்டே போகாமல் ஒரு முகட்டைத் தொட்டு இறங்குகிறது?

காங்கேயத்துத் தோட்டக் கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு இது புரியும். கிணற்றில் நின்ற தண்ணீர் இருக்கும்வரை குழாய் நிறையக் கொட்டும். அது தீர்ந்தபின் எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் ஊற்று சுரக்கும் அளவுதான் வரும். வட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஃபெர்ரிசயனைடு முதலில் தீர்கிறது. அடுத்தது தள்ளியிருந்து விரவி வர வேண்டும். காலியான அடுக்கு தடிக்கத் தடிக்க, வர வேண்டிய தூரம் கூடுகிறது, வரத்து குறைகிறது. முகடு என்பது தள்ளுதலும் வரத்தும் இடம் மாறிக்கொள்ளும் கணம்.

வட்டில் பிறந்த ஃபெர்ரோசயனைடு உடனே ஓடிப்போவதில்லை. வட்டை ஒட்டியே கொஞ்ச நேரம் நிற்கிறது. திரும்பும் வழியில் அதன் எலக்ட்ரானைத் திருப்பி வாங்குவதுதான் இரண்டாம் முகடு. போன அளவு வந்ததா என்று பார்க்க இரண்டு முகடுகளின் உயரத்தை ஒப்பிடுவார்கள். புதிதாகச் செய்பவர்கள் இரண்டாம் முகட்டைப் பூஜ்யக் கோட்டிலிருந்து அளந்து, அது குட்டை என்று கவலைப்படுவார்கள். திரும்பும்போதும் முதல் முகட்டின் வால் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வாலை நீட்டி வரைந்து, அதிலிருந்து அளந்தால்தான் உயரம் சரியாக இருக்கும்.

ஐம்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைய

0.22-க்கும் 0.28-க்கும் நடுவில் 60 மில்லிவோல்ட் இருக்கிறது. இதுதான் முகட்டு இடைவெளி. போவதும் வருவதும் ஒரே வினை என்றால் இரண்டு முகடுகளும் ஒரே இடத்தில் அல்லவா விழ வேண்டும்?

இரண்டுக்கும் சரிநடுவில் 0.25 வோல்ட். அந்த இடத்தில் வட்டின் மேற்பரப்பில் இரு வடிவங்களும் பாதிக்குப் பாதி இருக்கும். அறை வெப்பநிலையில் நடுவிலிருந்து 59 மில்லிவோல்ட் விலகினால் அந்த விகிதம் பத்துக்கு ஒன்றாகும். இது ஃபெர்ரிசயனைடின் குணமல்ல, ஒரு எலக்ட்ரான் மாறும் எந்த இணைக்கும் வெப்பம் விதிக்கும் அளவு. முகடு விழுவது பாதிக்குப் பாதியில் அல்ல. வட்டை ஒட்டியிருக்கும் நான்கில் மூன்று மாறிய நிலையில்தான் வரத்து பிடியை எடுத்துக்கொள்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு நடுவிலிருந்து சுமார் 28.5 மில்லிவோல்ட் தாண்ட வேண்டும். போகும்போது இந்தப் பக்கம் 28.5, வரும்போது அந்தப் பக்கம் 28.5. கூட்டினால் 57 மில்லிவோல்ட். எந்த இடத்தில் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து 57-க்கும் 59-க்கும் இடையில் எங்காவது வரும். ஒரே தாவலில் இரண்டு எலக்ட்ரான் மாறினால் இதில் பாதி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்னழுத்தம் நகர நகர, மேற்பரப்பில் உள்ள விகிதம் உடனுக்குடன் அதற்கேற்ப மாறிக்கொள்ள வேண்டும். அப்படி ஈடுகொடுக்கும் இணையைத்தான் மீள் இணை என்கிறோம். திரும்பி வருகிறது என்பது மட்டும் போதாது, தாமதமில்லாமல் வர வேண்டும்.

வேகத்தை நான்கு மடங்காக்கினால்

விநாடிக்கு 25, 100, 400 மில்லிவோல்ட் என மூன்று வேகங்களில் அதே கரைசலை வருடிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் நான்கு மடங்கு. முகட்டு உயரம் நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்காகிறது. நம் 3 மில்லிமீட்டர் வட்டுக்கு, ஃபெர்ரிசயனைடு விரவும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 8, 16, 33 மைக்ரோஆம்பியர் என்று வரும்.

மெதுவாக வருடும்போது காலியான அடுக்கு தடிக்க நேரம் கிடைக்கிறது. முகடு விழும் நேரத்தில் அதன் தடிமன் சுமார் 60 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் அளவு. வேகத்தை நான்கு மடங்காக்கினால் 30 மைக்ரான், இன்னும் நான்கு மடங்கானால் 15. வர வேண்டிய தூரம் பாதியானால் வரத்து இரட்டிக்கிறது. விரவும் பொருள் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும் என்பதால் வந்த கணக்கு இது. 1948-இல் இங்கிலாந்தில் ராண்டில்ஸும் பிராகில் ஷெவ்சிக்கும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். இந்தக் கணக்குக்கு ஒத்துவராமல் வேகத்தோடு நேர் விகிதத்தில் முகடு உயர்ந்தால், பொருள் விரவி வரவில்லை, வட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மெதுவாக வருடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு வருடல் நிமிடக்கணக்கில் நீண்டால், அறையின் அதிர்வும் கரைசலுக்குள் ஏற்படும் சின்ன அடர்த்தி வேறுபாடும் அந்த மெல்லிய அடுக்கைக் கலைத்துவிடும். முகடு மழுங்கிச் சமதளமாகத் தெரியும்.

உயரம் மாறலாம், இடம் மாறக் கூடாது. மீள் இணைக்கு மூன்று வேகத்திலும் முகடுகள் அதே மின்னழுத்தத்தில்தான் நிற்கும், இடைவெளி 59-ஐ விட்டு நகராது. வட்டு அழுக்காக இருந்தால், எலக்ட்ரான் வட்டிலிருந்து தாவுவதற்கே நேரம் பிடிக்கும். மெதுவாகப் போனால் ஈடுகொடுக்கும், வேகமாகப் போனால் பின்தங்கும். அப்போது போகும் முகடு இன்னும் தள்ளிப் போகும், திரும்பும் முகடு எதிர்ப்பக்கம் தள்ளி வரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இர்விங் ஷெயினோடு 1964-இல் இந்த வளையங்களின் கணக்கை முழுதாகப் போட்ட ரிச்சர்டு நிக்கல்சன், அடுத்த ஆண்டே இடைவெளியிலிருந்து எலக்ட்ரான் தாவும் வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு அட்டவணை கொடுத்தார். அதன்படி, தாவும் வேகம் விநாடிக்கு நூறில் ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் இருந்தால், நம் மூன்று வருடல்களில் இடைவெளி 72, 84, 104 மில்லிவோல்ட் என்று விரியும். அதே வட்டை நுண்ணிய அலுமினாப் பொடியில் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி போட்டால், எண்கள் 60-ஐ நோக்கி இறங்கும். ஃபெர்ரிசயனைடைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தக் கூச்ச சுபாவமும் ஒரு காரணம். வட்டின் அழுக்கை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

விரிந்த இடைவெளியைப் பார்த்ததும் மெதுவான எலக்ட்ரான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கரைசலின் மின்தடையும் அதே வேடம் போடும். உப்புக் குறைந்த கரைசலில் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 மைக்ரோஆம்பியர் அதில் 33 மில்லிவோல்ட்டை விழுங்கிவிடும். இரண்டு முகட்டுக்கும் சேர்த்து 66 கூடும். வேகம் கூடினால் மின்னோட்டம் கூடுவதால், இந்தப் பொய் இடைவெளியும் வேகத்தோடு விரியும். பிரித்தறிய வழி எளிது. ஃபெர்ரிசயனைடைக் கால் பங்காக மெலிதாக்கி அதே வேகத்தில் வருட வேண்டும். மின்னோட்டம் கால் பங்காகும், தடையால் வந்த விரிவும் அதோடு சுருங்கும். தாவுதல் மெதுவாக இருப்பதால் வந்த விரிவு என்றால், மெலிதாக்கினாலும் அசையாது.

நீலத்தைப் போட்டபின்

இப்போது இரும்பு-ட்ரைஎத்தனாலமீனுக்கு வரலாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் அதன் நடுப்புள்ளி வெள்ளி முனையோடு ஒப்பிட்டால் மைனஸ் 1.05 வோல்ட் அருகே இருக்கிறது. இண்டிகோவை ஒடுக்கத் தேவையான அளவுக்கு அது நன்றாகவே கீழே. காரம் போதாவிட்டால் பிடி தளர்ந்து இரும்பு மண்டியாகும். அப்போது திரும்பும் முகடு இளைத்துப்போவதை வைத்தே அதைக் கண்டுகொள்ளலாம்.

கரைசலில் இண்டிகோத் தூளைக் கலந்து மறுபடி வருடினால் வளையத்தின் வடிவம் கெடும். இங்கே கெடுவதுதான் நாம் விரும்புவது. வட்டில் எலக்ட்ரான் வாங்கிய இரும்பு, திரும்பும் முகடு வரும்வரை காத்திருக்காமல் பக்கத்துத் தூளிடம் அதைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த இரும்பு மறுபடி வட்டுக்கு வந்து வாங்குகிறது. ஆகவே போகும் முகடு உயர்கிறது. திரும்பக் கொடுக்க மிச்சமில்லாததால் இரண்டாம் முகடு சிறுக்கிறது.

எவ்வளவு சிறுக்கும் என்பது வருடல் வேகத்தைப் பொறுத்தது. நடுப்புள்ளியைத் தாண்டி 200 மில்லிவோல்ட் போய்த் திரும்புவதாகக் கொள்வோம். போக 200, வர 200. விநாடிக்கு 5 மில்லிவோல்ட் என்றால், எலக்ட்ரான் வாங்கிய இரும்பு 80 விநாடி தூளோடு சேர்ந்து இருக்கிறது. 500 என்றால் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். இண்டிகோத் தூளின் பரப்பில் நடக்கும் வினைக்கு அந்த முக்கால் விநாடி போதாது. வேகமான வருடலில் தூள் இருப்பதே தெரியாமல், இரும்பின் சுத்தமான மீள் வளையம்தான் தெரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் திரும்பும் முகடு தேயத் தொடங்கும். அந்த வேகத்திலிருந்து, தூளுக்கும் இரும்புக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் எத்தனை விநாடியில் நடக்கிறது என்று மதிப்பிடலாம். ஒரே கரைசலை ஒரே ஒரு வேகத்தில் வருடிவிட்டு, இடைப்பொருள் வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போடுவது அவசரம்.

காற்றும் சாயத்தூளைப்போல வேடம் போடும். நூலை நீலமாக்கிய அதே ஆக்சிஜன், எலக்ட்ரான் வாங்கிய இரும்பைக் கண்டால் விடாது. கரைசலில் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலும் போகும் முகடு உயர்ந்து, திரும்பும் முகடு தேய்ந்து, சாயம் போட்டதுபோலவே வளையம் தெரியும். ஆகவே முதலில் நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும். சாயமில்லாத கரைசலை, சோதனையில் பயன்படுத்தப்போகும் மிக மெதுவான வேகத்திலேயே வருடி, இரண்டு முகடுகளும் சமமாக இருப்பதைப் பார்த்த பிறகே தூளைச் சேர்க்க வேண்டும். வேகமாக வருடிப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை, வேகத்தில் ஆக்சிஜனும் மறைந்துகொள்ளும்.

வட்டிலிருந்து தொட்டிக்கு

எல்லாம் சரியாக வந்தால், சுவர் மின்சாரம் ஹைட்ரோஸை விரட்டிவிடுமா? ஒரு கிலோ இண்டிகோவை ஒடுக்க, வீணாகாமல் பார்த்துக்கொண்டாலும், சுமார் 205 ஆம்பியர்-மணி வேண்டும். கலத்துக்கு இரண்டரை வோல்ட் தேவைப்பட்டால் அரை யூனிட் மின்சாரம்தான். கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. பிரச்சினை மின்முனையின் பரப்பில் இருக்கிறது. விநாடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் நம் வட்டின் முகட்டு மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் மில்லியாம்பியர்கூட இல்லை. இடைப்பொருளை அடர்த்தியாக்கி, கரைசலை ஓடவிட்டு, ஒரு மில்லியாம்பியருக்கு உயர்த்தினாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவை முடிக்க 20 சதுர மீட்டர் மின்முனை வேண்டும். இதனால்தான் பெக்டோல்டு குழுவினர் பல எதிர்மின் தகடுகளை ஒரே கலத்துக்குள் அடுக்கும் அமைப்புகளுக்குப் போனார்கள். அதற்குமேல், ட்ரைஎத்தனாலமீனை ஒவ்வொரு முறையும் கழுவி வெளியே விட்டால் ஒரு கழிவுக்குப் பதில் இன்னொரு கழிவு. சாயம் ஏறியபின் மிஞ்சும் இடைப்பொருளை வடிகட்டித் திரும்ப எடுத்து, மறுநாளும் அதே இரும்பையே ஓட்ட வேண்டும். அப்படித் திரும்ப எடுத்த கரைசலில் இரும்பு இன்னும் மீள் இணையாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துளியை எடுத்து இரண்டு மூன்று வேகங்களில் வருடினால் போதும்.